அப்பாவின் குட்மார்னிங் படங்களை வைத்து அஞ்சு நிமிடம் ஓட்ட முடியுமா?

குன்னூர் குளிர்:
அடுத்த மாதம் ஓப்பன் மைக்கில் அஞ்சு நிமிடம் கிடைத்திருக்கிறது. அப்பா அனுப்பும் ஃபார்வர்டும் குட்மார்னிங் படமும்தான் விஷயம். போன முறை "எங்கப்பா தினமும் ரோஜாப்பூ, சூரியன், காபி கப் எல்லாம் போட்ட படம் அனுப்புவாரு" என்று ஆரம்பித்தேன். இருபது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன் மேஜைக்காரர் வர்க்கியை டீயில் முக்கியபடி என்னையே பார்த்தார், வர்க்கி உடைந்து உள்ளே விழுந்தது, அதற்குச் சிரித்தார்கள். விஷயம் தேய்ந்துவிட்டதா, நான் சொன்ன விதம் தப்பா?

அரைடிக்கெட்:
விஷயம்தான். நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்ததாக அறிவித்தது, 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, இந்தப் பொய் ஃபார்வர்டுகளையெல்லாம் எல்லோரும் மேடையில் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். பேசாமல் போனை எடுத்துப்போய் அப்பா அனுப்பியதை அப்படியே வாசித்துவிடு. அதைவிடச் சிரிப்பாக உன்னால் எழுத முடியாது.

மேடைப்பூச்சி:
கோயம்புத்தூரில் சில வருடம் மேடையேறி அடி வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். அரைடிக்கெட் சொல்வதில் பாதி சரி. ஒரே ஒரு ஃபார்வர்டை, பத்து விநாடிக்குள் முடிவதாக இருந்தால், வாசிக்கலாம். அதற்கு மேல் வாசித்தால், அது ஏற்கெனவே அவரவர் குடும்ப குரூப்பில் வந்ததுதானே, உங்களை எதற்குக் கேட்க வேண்டும்?

தப்பு வேறு இடத்தில். நீங்கள் படத்தை வர்ணித்திருக்கிறீர்கள். படம் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான், அப்பாதான் வேறு. உங்கள் அப்பா அதை எங்கே நின்று அனுப்புகிறார்? எத்தனை மணிக்கு? பதில் வராவிட்டால் என்ன செய்கிறார்?

கொடை கோபு:
எனக்கும் இதே தொல்லை. போன் நிரம்பிவிடுகிறது. படம் தானாக இறங்குவதை வாட்ஸப் அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள், நிம்மதி.

லவ்டேல் லதா:
அனுப்புகிற கட்சி நான். மகன் பெங்களூரில் இருக்கிறான். காலை ஆறு மணிக்கு ஒரு முருகர் படம் போடுவேன். நீல டிக் வந்தால் பிள்ளை எழுந்துவிட்டான் என்று தெரியும். அவன் பதில் போடுவதில்லை, நானும் கேட்பதில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது தம்பி?

குன்னூர் குளிர்:
கோபு அண்ணா, நான் கேட்டது ஜோக்குக்கு.

மேடைப்பூச்சி கேட்டதற்கு: எங்கள் வீடு பள்ளத்தில். சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போனால்தான் இரண்டு கட்டை வரும். அப்பா அஞ்சே முக்காலுக்கு மங்கி கேப், சால்வையோடு மேடேறுவார். பனிமூட்டத்தில் தொட்டியே தெரியாது. அங்கே நின்று கடற்கரையில் சூரியன் உதிக்கிற படத்தைப் பதினான்கு பேருக்கு அனுப்புவார். இறங்கி வந்துதான் டீ. பதில் போடாதவர்களுக்கு மத்தியானம் போன் வரும்: "ஏன், உடம்புக்கு என்ன?" எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர்.

மேடைப்பூச்சி:
கடைசி வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே! முப்பத்தொரு வருடம் காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுத்த மனிதர் இப்போது வாட்ஸப்பில் மஸ்டர் எடுக்கிறார். குட்மார்னிங் என்பது வாழ்த்தே இல்லை, வருகைப் பதிவு. லதா அம்மா செய்வதும் அதுதானே.

இப்போது வாக்கியம். முதலில் இப்படித்தான் எழுதத் தோன்றும்: "லேட்டா குட்மார்னிங் போட்டா எங்கப்பா அரைநாள் போட்டுடுவாருங்கிற மாதிரி பார்ப்பாரு." சிரிப்பு "அரைநாள்" என்ற சொல்லில் இருக்கிறது, அதற்குப் பின்னால் மூன்று சொல் இழுத்துக்கொண்டு போகிறது. சிரிக்க வாயைத் திறந்தவன், இன்னும் பேசுகிறானே என்று மூடிவிடுவான். தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். வாக்கியத்தை வெட்டுங்கள்:

"ஏழு மணிக்குள்ள குட்மார்னிங் போட்டா முழு நாள். ஒன்பது மணிக்குப் போட்டா... அரைநாள்."

அங்கேயே நிறுத்தி வாயை மூடிக்கொள்ளுங்கள். சிரிப்பு அடங்க ஆரம்பிக்கும்போது ஒட்டு: "எங்க சித்தப்பா வெறும் கட்டைவிரல் மட்டும் போடுவாரு. கைநாட்டு." அதுவும் ஒரு சொல்லில் முடிகிறது பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. குன்னூர்க்காரருக்கு மஸ்டர் தெரியும், சீசனுக்கு வந்த சென்னைக்காரருக்குத் தெரியாது. ஆரம்பத்திலேயே, தொட்டி மேட்டுக்கு முன்னால், "எங்கப்பா எஸ்டேட்ல காலையில பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கிறவரு" என்று ஒரே வரியில் விதைத்துவிடுங்கள். சிரிக்காதபோது விளக்கினால் தீர்ந்தது கதை. அப்புறம், போனில் பதிவு செய்து வீட்டில் கேளுங்கள். சிரித்ததாக நாம் நினைத்த இடம் ஒன்று, அவர்கள் சிரித்த இடம் வேறொன்றாக இருக்கும்.

அரைடிக்கெட்:
மஸ்டர் நல்லாத்தான் இருக்கு. ஆனால் பதினான்கு பேர் என்பது பொய். ஃபார்வர்டு அஞ்சு பேருக்கு மேல் போகாது.

மேடைப்பூச்சி:
ஒரு தடவைக்கு அஞ்சு. இந்தியாவில் 2018-ல் வந்த கட்டுப்பாடு, வதந்தியால் ஆட்களை அடித்துக் கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு. 2020-ல் இன்னும் இறுக்கினார்கள்: பலமுறை கைமாறி இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் திரும்பத் திரும்ப அனுப்பத் தடையில்லை.

குன்னூர் குளிர்:
ஆமாம், அப்பா ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் அனுப்புவார்! குளிரில் விரல் விறைத்துவிடும். நாலு பேருக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கக்கத்தில் வைத்துக்கொள்வார், அப்புறம் அடுத்த நாலு.

மேடைப்பூச்சி:
அதை மேடையில் நடித்துக் காட்டுங்கள், பேசவே வேண்டாம். கக்கத்திலிருந்து கையை எடுத்து ஊதிவிட்டு மறுபடி ஒரு விரல். மூன்றாவது முறை சிரிப்பார்கள். "உலகத்தையே கட்டுப்படுத்தின விதி, எங்கப்பாகிட்ட பலிக்கலை" என்று விளக்க வேண்டாம், செய்கையே போதும்.

குன்னூர் குளிர்:
இன்னொன்று இருக்கிறது. பெரியப்பா இறந்த செய்தி ராத்திரி குரூப்பில் வந்தது. விடிந்ததும் அதற்குக் கீழேயே அப்பாவின் ரோஜாப்பூ, "இந்த நாள் இனிதாகட்டும்". இதைச் சொல்லலாமா?

லவ்டேல் லதா:
கூடாது. அந்தக் குடும்பத்தில் ஒருவர் அந்த அறையில் இருந்தால்?

அரைடிக்கெட்:
அஞ்சு நிமிடத்தில் நிஜமான ஜோக் அது ஒன்றுதான். அதை விட்டால் வேறென்ன?

மேடைப்பூச்சி:
நானாக இருந்தால் மஸ்டருக்குப் பிறகு வைப்பேன். சிரித்துப் பழகிய கூட்டம் அப்பாவை மன்னித்துவிடும். முதலில் வைத்தால் எழுந்து போவார்கள். ஆனால் லதா அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

லவ்டேல் லதா:
பெரியப்பா பெயரும் அந்தப் பதினான்கில் இருந்ததா தம்பி?

குன்னூர் குளிர்:
இருந்தது. இப்போதும் அனுப்புகிறார். ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

கொடை கோபு:
இன்று காலையில்தான் கவனித்தேன், நானே ஒன்பது பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.