புதுப்பிப்பு: தங்கையின் வளைகாப்பு வளையல்கள்

முன்பு கேட்டிருந்தது: "ஏழாம் மாதம். கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது. வழக்கமாகப் போடும் இரண்டே கால் அளவுக் கண்ணாடி வளையல் ஏறுமா?"

ஏறவில்லை. முதல் இரண்டும் பெருவிரல் கணுவிலேயே உடைந்தன.

வளையல் கடை நடத்தும் அக்கா சொன்னபடி, பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கணுக்களின் மேல் நூலைச் சுற்றி அளந்தேன். 19 சென்டிமீட்டர். அதை 3.14ஆல் வகுத்தால் உள்விட்டம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், அதாவது கடைக் கணக்கில் 2-6: இரண்டு அங்குலமும், அங்குலத்தில் பதினாறில் ஆறு பங்கும். முன்பு போட்ட இரண்டே கால் என்பது 2-4, 5.7 சென்டிமீட்டர்தான். மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் கண்ணாடி வளைந்துகொடுக்காதே! மாலையில் வீக்கம் கூடுவதால் 2-8 வாங்கினோம்.

எண்ணெய் தடவினால் சின்ன அளவும் ஏறும் என்றார் ஒருவர். ஏறலாம், வீங்கிய கையிலிருந்து கழற்றுவதுதான் பெரும்பாடு. இன்னொருவர் தன் தங்கக் காப்பை வெட்டி எடுத்த கதையைச் சொன்னார். நான் கேட்டது அதுவல்ல என்றாலும் பயம் வந்து, உலோக வளையலையும் பெரிய அளவிலேயே எடுத்தேன்.

போடும்போது கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டி, ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒட்டுப்போட்ட இடம் கணுவில் அழுந்தாமல் பார்த்துக்கொண்டோம். ஒன்றுகூட உடையவில்லை.

அரக்கு வளையலைச் சூடுகாட்டிப் பெரிதாக்கித் தருவார்களாம். வெயிலில் இளகும் என்பதால் அம்மா வேண்டாம் என்கிறார். தங்கை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.