இரண்டாம் வாயில் நெரிசல்: கதவைத் திறந்தது சரியா?

அமைப்பாளர்
ராயபுரம் பக்கம் திறந்தவெளி மைதானத்தில் கானா கச்சேரி. இரண்டாம் வாயில் 4 மீட்டர் அகலம், உள்ளே பை சோதனைக்கு 4 மேசை. மாலை 5 மணிக்குத் திறந்தோம். 6.15-லிருந்து கூட்டம் ஏறியது. 6.35-க்கு மேடையில் தாளம் ஆரம்பித்தது, 6.40-க்கு வாயிலில் நெரிசல். 6.44-க்கு இசையை நிறுத்தினோம். 6.46-க்கு மேசைகளை ஓரமாக இழுத்துவிட்டு ரெண்டு கதவையும் திறந்தோம். 6 பேர் மயங்கினார்கள், அன்றிரவே வீடு திரும்பினார்கள். திறந்தது சரிதானா?

வியாசைவாசி
தப்பு. 1989-இல் இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் இதைத்தான் செய்தார்கள். வெளியே நெரிசல் என்று வாயிலைத் திறந்தார்கள், உள்ளே 97 உயிர் போனது. நெரிசல் வந்தால் கதவை மூடியே வைக்கணும்.

பந்தல்மேஸ்திரி
பாதிதான் சரி. அங்கே வாயிலுக்குப் பின்னால் ஒரு சுரங்கவழி, அது முடிவது ஏற்கெனவே நிரம்பிய கம்பிவேலிக் கூண்டில். உள்ளே போனவருக்கு நகர இடமில்லை. இங்கே பின்னால் காலி மைதானம். இடம் இருந்தால் திற, இல்லாவிட்டால் திறக்காதே. 6.46-க்கு மூடியே வைத்திருந்தால் முன்வரிசை கதவோடு ஒட்டி மூச்சு முட்டியிருக்கும். நெரிசலில் மிதிபட்டுச் சாகிறவர்களைவிட, நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல் நின்றபடியே சாகிறவர்கள்தான் அதிகம்.

மேசையை முதலில் எடுத்தது நல்ல வேலை. அது கிடக்கும்போது கதவைத் திறந்திருந்தால் முதல் பத்துப் பேர் அதில் தடுக்கி விழுந்திருப்பார்கள், அவர்கள் மேல் அடுத்த பத்துப் பேர். ஆனால் கோளாறு 6.46-இல் இல்லை, 6.15-இல் இருக்கிறது. நிமிஷத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், சோதனையில் எத்தனை பேர் போனார்கள்?

அமைப்பாளர்
மேசைக்கு 10 பேர் வீதம் 40. வந்தது சுமார் 100. வாயிலுக்கு முன் தெரு 8 மீட்டர் அகலம், 35 மீட்டர் நீளம்.

பந்தல்மேஸ்திரி
அப்போ நிமிஷத்துக்கு 60 பேர் தேங்குகிறார்கள். 25 நிமிஷத்தில் 1,500. உங்கள் தெரு 280 சதுர மீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 5 பேருக்கும் மேல். நாலு பேர் வரை ஆள் தானாக நகர்வார். அஞ்சைத் தாண்டினால் கூட்டம் நகர்த்துகிற திசைக்குத்தான் போக முடியும். தாளம் கேட்டதும் பின்னால் இருப்பவர் அரை அடி முன்னே வைப்பார். முன்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த அரை அடிகள் எல்லாம் சேர்ந்து கதவில் வந்து நிற்கும்.

6.30-க்கே தெரிந்திருக்கும். பக்கத்துச் சுவர் மேல் ஏறிப் பாருங்கள்: தலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, திரும்பச் சாயும். ஆட்கள் முழங்கையை மடக்கிக் கையை நெஞ்சுக்கு முன்னால் வைப்பார்கள், குழந்தையைத் தலைக்கு மேலே தூக்குவார்கள். தரையில் ஒத்தைச் செருப்பு கிடக்கும். அதை எடுக்க ஒருவர் குனிந்தால் அந்த இடம் குழியாகிவிடும்.

காசிமேடு_கோயில்
நாங்கள் அன்னதானத்துக்கு நேராக 30 மீட்டர் சவுக்குக் கம்பு கட்டுகிறோம். இடுப்பளவு போதுமா, மார்பளவா?

பந்தல்மேஸ்திரி
உயரத்தைவிட இடைவெளி முக்கியம் அண்ணே. 30 மீட்டருக்கு ஒரே கம்பு கட்டினால் நடுவில் மாட்டியவர் வெளியே வர வழியில்லை. அஞ்சாறு மீட்டருக்கு ஒரு திறப்பு விடுங்கள், அதில் ஒரு ஆள் நிற்கட்டும். குறுக்குக் கம்பை இரும்புக் கம்பியால் முறுக்காதீர்கள், கயிறு போதும், அவசரத்தில் அறுக்கலாம்.

வியாசைவாசி
கதவு விஷயத்தில் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நிறுத்த வேண்டிய இடம் கதவு இல்லை, தெருமுனை. 2005 டிசம்பரில் நம்ம ஊர் எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க வந்த கூட்டத்தில் 42 பேர் இறந்ததும் ஒரு வாயில் பக்கம்தான். முனையில் ஆள் வைத்தீர்களா?

அமைப்பாளர்
வாயிலில் மட்டும் 12 பேர். முனையில் யாரும் இல்லை. மேடை மைக்கில் "பின்னால் போங்க" என்றோம், தெருவில் காதில் விழவே இல்லை.

பந்தல்மேஸ்திரி
அந்தப் பன்னிரண்டில் அஞ்சு பேரை முனைக்கு அனுப்பி, கையில் மெகாபோன் கொடுத்திருக்கணும். கடைசி வரிசைக்குச் சொன்னால்தான் அழுத்தம் குறையும். முன்வரிசையிடம் "பின்னால் போ" என்றால் அவர் எங்கே போவார்? இனி தெருவில் தேக்கம் 500-ஐத் தாண்டினால் தாளத்தைத் தள்ளிப் போடுங்கள், மேசையை எட்டாக்குங்கள்.

வியாசைவாசி
தாளத்தைத் தள்ளினால் உள்ளே இருக்கிற கூட்டம் கூச்சல் போடும், அதுவும் தள்ளுமுள்ளு ஆகலாம். இதில் நான் உடன்படவில்லை.

அமைப்பாளர்
முனையில் தெருவை மறிப்பது தன்னார்வலர் வேலையா, காவல்துறை வேலையா? எங்கள் அனுமதிக் கடிதத்தில் மைதானத்துக்கு உள்ளே மட்டும்தான் எங்கள் பொறுப்பு என்று இருக்கிறது.