மேனேஜரிடம் வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை கேட்ட அனுபவம்

தாம்பரம்வாசி:
தாம்பரத்திலிருந்து சிறுசேரி ஆபீசுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முதல் தடவை அந்த அலைச்சலைச் சொல்லித்தான் கேட்டேன். "எல்லாருக்கும்தானே அலைச்சல்" என்றார் மேனேஜர். அதோடு சரி.

அப்புறம் மூன்று வாரம் என் வேலையை நாள்வாரியாகக் குறித்துவைத்தேன். செவ்வாயும் வியாழனும் பெரும்பாலும் டெஸ்ட் ரிப்போர்ட் எழுதும் வேலைதான், நேரில் இருக்க வேண்டிய மீட்டிங் இல்லை. அந்த இரண்டு நாளையும் 6 வாரத்துக்குச் சோதனையாகக் கேட்டு அரைப் பக்க மெயில் போட்டேன். திங்கள், வெள்ளியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அவற்றைக் கேட்டால் ஊருக்குப் போகத்தான் என்று நினைப்பார்கள்.

மெயிலின் கடைசி வரி: "6 வாரம் முடிந்ததும் பழையபடி தினமும் வந்துவிடுவேன். தொடர வேண்டுமென்றால் நீங்கள் மறுபடி சரி சொல்ல வேண்டும்." அதைப் படித்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாதே என்பதுதான் அவர் பயமாக இருந்திருக்கிறது.

முடித்த டிக்கெட்டுகளோடு, மறுபடி திறக்கப்பட்டவற்றையும் வாராவாரம் அனுப்பினேன். முடித்ததை மட்டும் எண்ணினால் அவசர அவசரமாக மூடிவிட்டுக் கணக்குக் காட்டலாம் என்று அவருக்கும் தெரியும். மூன்றாவது வாரம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. லேப்டாப் ஓடியது, ரூட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. போனிலிருந்து நெட் எடுத்துக்கொண்டு, அவர் கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிட்டேன். மறுநாளே ரூட்டரை அந்த லைனுக்கு மாற்றினேன். 6 வாரம் முடிந்ததும் தொடரச் சொன்னார்.

கோவைமணி:
மெயிலில் சரி என்று வாங்கிவிட்டீர்கள் இல்லையா, இனி எச்ஆர் நினைத்தாலும் மாற்ற முடியாது.

எச்ஆர்_அக்கா:
மெயில் இருப்பது நல்லதுதான் மணி. ஆனால் அது மேனேஜரின் சம்மதம் மட்டுமே, கம்பெனி பாலிசி மாறினால் நிற்காது. தம்பி, உங்கள் கட்டடம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே வீட்டிலிருந்து வேலை செய்வதற்கென்றே 2022-இல் 43ஏ என்ற விதி வந்தது. லேப்டாப் வெளியே போவதற்கும் கணக்கு உண்டு. மேனேஜர் வாய்வார்த்தையாக அனுப்பிவிட்டால் பின்னால் அவருக்கே சிக்கல்.

தாம்பரம்வாசி:
மண்டலத்துக்குள்தான் அக்கா. நாளைக்கே அட்மினில் கேட்கிறேன்.

தேனிப்பெண்:
அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முழுக்க ஊரிலிருந்தே வேலை பார்க்க இதே மெயில் போதுமா?

எச்ஆர்_அக்கா:
அது வேறம்மா. இரண்டு நாள் என்றால் மேனேஜரோடு பேசி முடிக்கலாம். ஊர் மாறுவது எச்ஆர் வரைக்கும் போகும். அப்பாவின் டயாலிசிஸ் அட்டவணையோடு நேராக எச்ஆரிடம் போங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

தாம்பரம்வாசி:
எனக்கு இப்போது இன்னொன்று. பக்கத்து சீட் நண்பரும் அதே செவ்வாய், வியாழனைக் கேட்டிருக்கிறார். இருவரும் ஒரே நாளில் வீட்டில் இருந்துவிட்டால் டெஸ்ட் லேபில் ஆள் இருக்காது. என் நாட்களை மாற்றிக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருக்கிறேன். மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை.