புதுப்பிப்பு: க்ரீம் பிளஷ், மூன்று வாரம் கழித்து

அன்று கேட்டது: "வயது 57, வறண்ட சருமம். பவுடர் பிளஷ் கோடுகளில் திட்டாக நிற்கிறது. க்ரீம் போட்டாலோ கன்னம் இன்னும் தொங்கியது போல் இருக்கிறது. எங்கே தப்பு?"

தப்பு இடத்தில்தான். சிரித்துக்கொண்டே, மேலெழும் உருண்டையில் பூசி வந்தேன். சிரிப்பு அடங்கியதும் நிறமும் மூக்கோரமாக இறங்கிவிடும். மணப்பெண் அலங்காரம் செய்யும் அக்கா சொன்னபடி, இப்போது முகத்தைச் சும்மா வைத்து, கருவிழிக்கு நேர் கீழிருந்து வெளிப்பக்கமாக, கன்ன எலும்பின் மேல் மூன்று புள்ளி. மோதிர விரலால் தட்டி, காதுப் பக்கம் மேல்நோக்கிக் கரைக்கிறேன். மூக்கிலிருந்து இரண்டு விரல் அகலம் காலி.

"முதலில் பவுடர் போட்டால் நிற்கும்" என்ற தோழி பாதிதான் சரி. எண்ணெய்ப் பசை முகத்துக்குக் கடைசியில் கொஞ்சம் பவுடர் உதவலாம். எனக்கு அடியில் பவுடர் இருந்தால் க்ரீம் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொண்டது.

சன்ஸ்க்ரீன் மேல் உடனே தேய்த்த நாளில் அழுக்கு உருண்டை போல் திரண்டு வந்தது. பத்து நிமிடம் விட்டுத் தட்டினால் வருவதில்லை.

வெளிர் ரோஜா என் மாநிறத்தில் சாம்பல் பூத்தது. செங்கல் சிவப்பு டின்டட் பாம்தான் பொருந்தியது. உதட்டில் தடவி, விரலில் மிஞ்சியதைக் கன்னத்தில் ஒற்றினால் போதும்.

பருவுக்குப் பாம் ஆகுமா என்று கேட்ட தங்கைக்கு என்னிடம் பதில் இல்லை. மதியத்துக்குள் நிறம் மங்குவதும் அப்படியேதான்.