இந்த ரிவ்யூ நோட்டை எப்படி எழுதலாம்?

ஆடிட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். ஜூனியர் ஒருவரின் நிலைச் சொத்து ஒர்க்கிங் பேப்பரை ரிவ்யூ செய்துகொண்டிருக்கிறேன். புதிய இயந்திரம், விலை 12 லட்சம், ஆயுள் 10 ஆண்டு, எஞ்சிய மதிப்பு இல்லை. இன்வாய்ஸ் ஜூன் 28. கிளையண்ட் ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதத் தேய்மானம் 60,000 போட்டிருக்கிறார். ஜூனியரும் அதே தேதியை வைத்துக் கணக்கிட்டு, டிக் அடித்து, ‘வேறுபாடு இல்லை’ என்று முடித்துவிட்டார். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரிதான்!

ஆனால் அதே ஃபைலில் இருக்கும் நிறுவல் சான்றிதழ், சோதனை ஓட்டம் செப்டம்பர் 29-ல்தான் முடிந்தது என்கிறது. பயன்பாட்டுக்குத் தயாரான பிறகுதான் தேய்மானம் தொடங்க வேண்டும். அப்படியென்றால் அக்டோபரிலிருந்து மூன்று மாதம், 30,000 மட்டுமே.

நான் எழுதியிருக்கும் நோட்: “இந்த இயந்திரம் எப்போது பயன்பாட்டுக்குத் தயாரானது? ஆதாரம் எது? நிறுவல் தேவைப்பட்ட மற்ற சேர்க்கைகளிலும் இதே நிலையா?”

தொகை சிறியது, எங்கள் வரம்புக்குள்தான். என் கவலை கிளையண்டின் வழக்கம் பற்றியது. விடையையும் நோட்டிலேயே சொல்லிவிடலாமா, கேள்வியோடு நிறுத்தலாமா? நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?