மரபுரிமை தெரியும், மற்றதற்கு என்ன பெயர்? வண்டிக் குடும்பத்தை முன்வைத்து ஒரு கலைச்சொல் விவாதம்

காட்பாடி, கணினி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான பைத்தான் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் `வண்டி` என்னும் தாய் வகுப்பிலிருந்து பேருந்து, ஆட்டோ, ஸ்கூட்டர் ஆகிய சேய் வகுப்புகள் பிறக்கின்றன. பதிவெண், சக்கர எண்ணிக்கை, ஓட்டுதல், நிறுத்துதல் ஆகியவற்றைத் தாயில் ஒருமுறை எழுதிவிட்டால் சேய்களில் மீண்டும் எழுத வேண்டியதில்லை. இதனை 'மரபுரிமை' என்று குறித்திருக்கிறேன். அடுத்த பக்கத்தில்தான் தடை. ஒரு பொருளுக்குள் வேறொரு பொருளை வைத்துக் கட்டும் முறைக்குச் 'சேர்க்கை' என்று எழுதினேன். மாணவர்கள் கல்லூரிச் சேர்க்கை என்றே படிக்கிறார்கள். வேறு நல்ல சொல் உண்டா?

வாலாஜாபேட்டை, பத்திரப் பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

அம்மா, எனக்கு முதற்சொல்லே உறுத்துகிறது. உரிமை பெரும்பாலும் உடையவர் காலத்துக்குப் பின் வாரிசுக்கு வருவது. உங்கள் தாய் வகுப்போ எதையும் இழக்காமல் எல்லாச் சேய்களுக்கும் முழுவதாகக் கொடுக்கிறது. தவிர, சொத்து வேண்டாத வாரிசு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து ஒதுங்கிக்கொள்ளலாம். சேய் வகுப்புக்கு அந்த வழி உண்டா?

ராணிப்பேட்டை, நிரலாளர்

இல்லை ஐயா, அந்த வழி இல்லாததுதான் இந்தப் பாடத்தின் உயிர்நிலை. `எரிபொருள்_நிரப்பு` என்னும் செயலைத் தாய் வகுப்பில் வைத்ததாகக் கொள்வோம். பேருந்துக்கும் பெட்ரோல் ஆட்டோவுக்கும் அது பொருந்தும். மின் ஸ்கூட்டர் வந்ததும், அதற்கும் அச்செயல் தானாக வந்து சேர்கிறது. வேண்டாம் என்று தள்ள முடியாமல், அங்கே அதை மறுபடி எழுதி `NotImplementedError` என்னும் பிழையை எழுப்பச் செய்கிறோம். பிறகு எல்லா வண்டிகளையும் ஒரு பட்டியலில் இட்டு வரிசையாக நிரப்பச் சொல்லும் நிரல், ஸ்கூட்டரிடம் வந்ததும் நின்றுவிடும். தாயிடமிருந்து பெற்றதைச் சேய் செல்லாததாக்க நேர்ந்தால், குடும்பம் தவறாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று அறியலாம்.

இதைச் சரிசெய்ய பெட்ரோல் ஆட்டோ, எரிவாயு ஆட்டோ, மின் ஆட்டோ என்று கிளை பிரித்தால் வேறொரு தொல்லை. வண்டி வகை மூன்றும் பொறி வகை மூன்றும் பெருகி 9 வகுப்புகளாகும். பொறியைத் தனியே எழுதினால் 6 போதும். பெட்ரோலில் ஓடிய ஆட்டோவை எரிவாயுவுக்கு மாற்றினாலும் அதே வண்டிதான், அதே பதிவெண்தான். பொறி மட்டும் மாறுகிறது.

```python
class ஆட்டோ(வண்டி):
    def __init__(self, பதிவெண், பொறி):
        super().__init__(பதிவெண், 3)
        self.பொறி = பொறி

    def நிரப்பு(self, அளவு):
        self.பொறி.நிரப்பு(அளவு)
```

குடியாத்தம், மாணவர்

அப்படியென்றால் மரபுரிமையையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிவிடலாமே, அண்ணா?

ராணிப்பேட்டை, நிரலாளர்

தம்பி, மேலே உள்ள நிரலின் முதல் வரியைப் பாருங்கள், மரபுரிமை அங்கேயே இருக்கிறது. 'ஆட்டோ ஒரு வண்டி' என்பது எந்நாளும் மெய்; 'ஆட்டோ ஒரு பொறி' என்பது பொய்; 'ஆட்டோவுக்குப் பொறி உண்டு' என்பதே சரி. ஒவ்வோர் உறவையும் இப்படி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஆற்காடு, தமிழாசிரியர்

'உண்டு' என்று நிரலாளர் சொன்னதும், இலக்கணம் இதை முன்பே வகுத்திருப்பது நினைவுக்கு வந்தது. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று நன்னூல் பிரிக்கிறது. சாத்தனது கை என்பதில் கை அவனைவிட்டு நீங்காத உறுப்பு, ஆகவே தற்கிழமை. சாத்தனது வீடு என்பதில் வீடு அவனிலிருந்து வேறான உடைமை, ஆகவே பிறிதின்கிழமை. பொறி ஆட்டோவின் உறுப்பு. ஆகவே இந்த முறைக்குத் 'தற்கிழமை' என்றே பெயரிடலாம். உறுப்பு மட்டுமன்றிப் பண்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம் ஆகியவையும் தற்கிழமையில் அடங்கும் என்பதால், பின்னர் எழும் பல உறவுகளுக்கும் அங்கேயே இடம் இருக்கிறது.

ராணிப்பேட்டை, நிரலாளர்

வேறுபாடு அருமையானது ஐயா, ஆனால் இந்த நிரலுக்கு எதிராகவே நிற்கிறது. பொறி வெளியிலிருந்து ஆட்டோவுக்குத் தரப்படுகிறது. ஆட்டோ அழிந்தாலும் அப்பொறியை வேறொரு வண்டியில் பொருத்தலாம். அப்படியானால் இது பிறிதின்கிழமை அல்லவா? `__init__`-க்குள்ளேயே பொறியை உருவாக்கி, வெளியே யாருக்கும் தராதிருந்தால்தான் தற்கிழமை என்பேன்.

காட்பாடி, கணினி ஆசிரியை

இரண்டையும் தழுவும் பொதுச்சொல் ஒன்று எனக்குத் தேவை. 'உறுப்பமைவு' என்றால் படித்தவுடன் விளங்குகிறது. இதுவரை மூவர் தனிமடலில் அதற்கு ஒப்புதல் அளித்திருக்கிறார்கள். மரபுரிமை பாடநூல்களில் பழகிவிட்டதால் அதை மாற்றவில்லை.

வாலாஜாபேட்டை

உறுப்பமைவுக்கு என் ஒப்புதல் உண்டு. மரபுரிமைக்கு இல்லை.

ஆற்காடு, தமிழாசிரியர்

கழற்றி மாட்டுவதால் மட்டும் ஓர் உறுப்பு உறுப்பல்லாமல் போய்விடுமா என்பதற்கு நிரலாளர் இன்னும் விடை தரவில்லை. கையேட்டில் உறுப்பமைவு என்றே அச்சாகட்டும். அடிக்குறிப்பிலாவது இரு கிழமைகளையும் குறிப்பிடுமாறு ஆசிரியையைக் கேட்டுக்கொள்கிறேன்.