புதுப்பிப்பு: வெள்ளைத் தட்டில் தயிர்சாதம்

முதல் பதிவில் கேட்டது: "தயிர்சாதம் வெள்ளைத் தட்டில் வெளிறித் தெரிகிறது, என்ன செய்யலாம்?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கருநீலத் தட்டு என்று ஒரு அக்கா சொன்னதுதான் சரியான வழி. சாதத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அடர்நிறத் தட்டில் சிந்திய தயிரும் விரல்தடமும் பளிச்சென்று தெரியும். சாதத்தை நடுவில் குவித்து, சுற்றிலும் இரண்டு விரல் அகலம் விட்டு, ஓரத்தை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

பீட்ரூட் துருவல் போடச் சொன்னவர் பாதி சரி. நிறம் எடுப்புதான், ஆனால் சாறு இறங்கிச் சாதமே ரோஸ் கலராகிவிடும். மாதுளை முத்து நல்லது. உடைந்ததை ஒதுக்கி, முழு முத்தைத் துணியில் ஒற்றி, பரிமாறும்போது ஒரு தேக்கரண்டி மட்டும் ஒரு பக்கமாக வையுங்கள். தாளிப்பை முழுதும் கிளறாமல் கொஞ்சம் மேலே விடுங்கள்: கடுகின் கருப்பு, மிளகாயின் சிவப்பு. கொத்தமல்லி கடைசியில்தான். சூடான தாளிப்போடு சேர்ந்தால் வதங்கிக் கறுத்துவிடும்.

சாம்பார் சாதத்துக்குக் கேட்ட தம்பிக்கு: அதற்கு வெள்ளைத் தட்டே போதும். எவர்சில்வர் தட்டு பற்றி இன்னும் ஒருமித்த கருத்து வரவில்லை. வாழையிலையை வட்டமாக வெட்டிப் போட்டால் பளபளப்பு மறைகிறது என்கிறார்கள் சிலர்.